டேபிள் கேட்டவருக்கு வெறும் கோடுகள் போய்ச் சேர்ந்தால்: அறிகுறி வாரியாகச் சரிசெய்வது

ஹெல்ப்டெஸ்கில் வேலை பார்க்கிறவர்களுக்கு இந்தச் சூழ்நிலை தெரிந்திருக்கும். ஒரே ஒரு பதில் பெட்டி. அதில் தட்டச்சு செய்து அனுப்பினால் வாடிக்கையாளர் எந்த வழியாகக் கேட்டாரோ அந்த வழியாகவே போகும் என்று சொல்லியிருப்பார்கள். அது வலைத்தளத்துச் சாட் பெட்டியாக இருக்கலாம், மின்னஞ்சலாக இருக்கலாம், வாட்ஸ்அப்பாக இருக்கலாம், எஸ்எம்எஸ்ஸாகக்கூட இருக்கலாம். நம் திரையில் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும்.

அந்தப் பெட்டிக்கு இப்படி ஒரு கேள்வி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: "உங்க மூணு இன்டர்நெட் பிளானையும் ஒரு டேபிளா போட்டு அனுப்புங்க சார், வீட்ல காட்டணும்." டேபிள் என்று அவரே வாயைத் திறந்து கேட்டுவிட்டார். அதனால் "டேபிள் சரியா வருமோ வராதோ" என்று நாமாக முடிவெடுத்து நீளமான பத்தி ஒன்றை எழுதி அனுப்புவது தவறு. அவர் கேட்டது ஒப்பிட்டுப் பார்க்க வசதியான ஒரு வடிவம். அதே நேரம், அவர் திரையில் என்ன தெரியும் என்று தெரியாமல் டேபிளை மட்டும் அனுப்பிவிட்டு டிக்கெட்டை மூடுவதும் சரியில்லை. கேட்டதைக் கேட்டபடி கொடுக்க வேண்டும். கூடவே, எந்தத் திரையிலும் உடையாத சாதா வடிவம் ஒன்றும் அவர் கைக்கு எட்ட வேண்டும். அது எப்படி இருக்க வேண்டும் என்பது, டேபிள் எப்படியெல்லாம் உடைகிறது என்று பார்த்தால் தானாகப் புரியும்.

மேலே சொன்ன கேள்வியையே கடைசி வரை வைத்துக்கொள்கிறேன். விலைகள் மாதிரிக்குப் போட்டவை.

அறிகுறி: "வெறும் கோடும் கழித்தல் குறியுமா வருது"

அதிகம் வரும் புகார் இதுதான். நாம் அனுப்பியது, சாதா எழுத்திலேயே குறிகள் போட்டு வடிவத்தைச் சொல்லும் மார்க்டவுன் முறையில் எழுதிய டேபிள்:

```
| திட்டம் | வேகம் | மாதக் கட்டணம் | டெபாசிட் |
|---|---|---|---|
| தொடக்கம் | 40 | 499 | 1000 |
| குடும்பம் | 100 | 699 | 1000 |
| அலுவலகம் | 200 | 999 | இல்லை |
```

அவருக்கும் இதே எழுத்துகள்தான் போயிருக்கின்றன. இவற்றைக் கட்டமாக மாற்றும் வேலையை அவர் பக்கத்து மென்பொருள் செய்யவில்லை. இதற்குக் காரணம் இரண்டில் ஒன்று. அந்தத் திரைக்கு டேபிள் என்பதே தெரியாமல் இருக்கலாம். அல்லது தெரிந்தும், நாம் எழுதியதில் பிழை இருப்பதால் அதை டேபிள் என்று ஏற்காமல் விட்டிருக்கலாம்.

பிரித்தறிய ஒரு கேள்வி போதும்: "அதே பதிலில் தடித்த எழுத்து ஏதாவது தெரிகிறதா, இல்லை நட்சத்திரக் குறிகள் தெரிகின்றனவா?" நட்சத்திரமும் அப்படியே தெரிந்தால் அங்கே மார்க்டவுனே கிடையாது, டேபிளைத் திருத்திப் பயனில்லை. தடித்த எழுத்து வருகிறது, டேபிள் மட்டும் வரவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 2004-ல் ஜான் க்ரூபர் வெளியிட்ட மூல மார்க்டவுனில் டேபிள் கிடையாது. பின்னால் வந்த நீட்டிப்புகள்தான் அதைச் சேர்த்தன. ஆகவே "மார்க்டவுன் வேலை செய்யும்" என்று ஒரு மென்பொருள் சொன்னால் டேபிளும் வேலை செய்யும் என்று அர்த்தமில்லை. வாட்ஸ்அப்பிலும் இதே கதை. தடித்த எழுத்து, சாய்வெழுத்து, 2024 முதல் புள்ளிப் பட்டியல், எண் பட்டியல் எல்லாம் உண்டு, ஆனால் செங்குத்துக் கோடு போட்டு டேபிள் ஆக்கும் வசதி இல்லை.

டேபிள் தெரிந்த திரைதான், ஆனாலும் வரவில்லையென்றால் நம் எழுத்தில் இரண்டாவது வரியைப் பாருங்கள். தலைப்பு வரிக்குக் கீழே வரும் அந்தக் கழித்தல் குறி வரிதான் "இது டேபிள்" என்று சொல்லும் அடையாளம். அது விடுபட்டாலோ, தலைப்பில் நான்கு நெடுவரிசை இருக்க அதில் மூன்றுதான் இருந்தாலோ, மொத்தமும் சாதா எழுத்தாகவே நின்றுவிடும். பல மென்பொருள்கள் டேபிளுக்கு மேலே ஒரு வெற்று வரியையும் எதிர்பார்க்கும். "இதோ விவரம்:" என்று எழுதிய வரிக்கு அடுத்த வரியிலேயே டேபிளைத் தொடங்கினால் சில இடங்களில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும்.

இதைவிட மோசமான பிழை ஒன்று உண்டு. அதில் டேபிள் அழகாகவே தெரியும், ஒரு தகவல் மட்டும் காணாமல் போயிருக்கும். வேகம் என்ற கட்டத்துக்குள் `100|50` என்று பதிவிறக்கம், பதிவேற்றம் இரண்டையும் செங்குத்துக் கோடு போட்டு எழுதினால் அந்த வரியில் நான்குக்குப் பதில் ஐந்து கட்டம் ஆகிவிடும். நிரலாளர்கள் பயன்படுத்தும் கிட்ஹப் தளம் பின்பற்றும் விதிப்படி, தலைப்பை விட அதிகமாக வரும் கட்டங்கள் சத்தமில்லாமல் விடப்படும். டெபாசிட் தொகை மறைந்து, 50 என்ற எண் மாதக் கட்டணத்தின் கீழ் போய் உட்காரும். வாடிக்கையாளர் "மாசம் அம்பது ரூபாயா?" என்று கேட்டால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். கட்டத்துக்குள் அந்தக் கோடு வேண்டுமென்றால் `\|` என்று எழுத வேண்டும். கோட்டைத் தவிர்த்து "100 / 50" என்று எழுதிவிடுவது இன்னும் நல்லது.

சரி, திரைக்கு டேபிள் தெரியாது என்று முடிவாகிவிட்டால் சாதா வடிவம் இப்படி இருக்கட்டும்:

```
1) தொடக்கம் திட்டம்.
வேகம்: 40 எம்பிபிஎஸ்,
மாதக் கட்டணம்: ரூ. 499,
டெபாசிட்: ரூ. 1000.

2) குடும்பம் திட்டம்.
வேகம்: 100 எம்பிபிஎஸ்,
மாதக் கட்டணம்: ரூ. 699,
டெபாசிட்: ரூ. 1000.

3) அலுவலகம் திட்டம்.
வேகம்: 200 எம்பிபிஎஸ்,
மாதக் கட்டணம்: ரூ. 999,
டெபாசிட்: இல்லை.
```

டேபிளின் ஒவ்வொரு வரிசையும் இங்கே ஒரு சிறு தொகுதி ஆகியிருக்கிறது. மேலே ஒரே ஒருமுறை இருந்த தலைப்பு, ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால் திரும்பத் திரும்ப வருகிறது. பார்க்க நீளம்தான். ஆனால் எந்த எண் எதற்கானது என்பது இடத்தைப் பொறுத்து இல்லை, பக்கத்தில் இருக்கும் சொல்லைப் பொறுத்து இருக்கிறது. இடம் உடையும், சொல் உடையாது. வரிக் கடைசியில் இருக்கும் காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் எதற்கு என்பது அடுத்த அறிகுறியில் தெரியும்.

அறிகுறி: எல்லாம் ஒரே வரியாக ஒட்டிக்கொண்டு வருகிறது

எச்டிஎம்எல் மின்னஞ்சலிலும் வலைப்பக்கத்திலும், நாம் எண்டர் தட்டி உண்டாக்கிய வரி முறிவு ஒரு இடைவெளியாகச் சுருங்கிவிடும். அடுத்தடுத்து பத்து இடைவெளி விட்டிருந்தாலும் ஒன்றாகத்தான் தெரியும். மார்க்டவுனும் அப்படியே: ஒற்றை வரி முறிவை அது பத்தியின் தொடர்ச்சியாகவே எடுத்துக்கொள்ளும், வெற்று வரி இருந்தால்தான் புதுப் பத்தி.

டேபிளாக இருந்தால் "திட்டம் வேகம் மாதக் கட்டணம் டெபாசிட் தொடக்கம் 40 499 1000 குடும்பம் 100 699" என்று ஒரு எண்மாலை கிடைக்கும், யாருக்கும் பயன்படாது. மேலே கொடுத்த சாதா வடிவம் சுருங்கினால் "1) தொடக்கம் திட்டம். வேகம்: 40 எம்பிபிஎஸ், மாதக் கட்டணம்: ரூ. 499, டெபாசிட்: ரூ. 1000." என்று முழு வாக்கியமாகவே வந்து நிற்கும். நிறுத்தக்குறிகள் அதற்காகத்தான். தொகுதிகளுக்கு நடுவே வெற்று வரி விட்டிருப்பதால் மார்க்டவுன் திரையில் ஒவ்வொரு திட்டமும் தனித்தனியாகவும் நிற்கும்.

ஒட்டிக்கொண்டு வரும் புகார் திரும்பத் திரும்ப ஒரே வழியிலிருந்து, அதாவது மின்னஞ்சலிலிருந்து மட்டும் வந்தால், பதில் பெட்டியின் எழுத்தை எச்டிஎம்எல்லில் அப்படியே கொட்டுகிறார்கள் என்று பொருள். வரி முறிவை `<br>` ஆக்கச் சொல்லித் தொழில்நுட்பக் குழுவுக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். அதை ஒவ்வொரு பதிலிலும் நாம் சமாளித்துக்கொண்டிருக்க முடியாது.

அறிகுறி: நெடுவரிசைகள் நேராக நிற்கவில்லை, படிக்கட்டு மாதிரி இறங்குகின்றன

கோடு வேண்டாம், ஸ்பேஸ் தட்டி நேராக்கிவிடலாம் என்று சிலர் முயல்வார்கள். ஆங்கிலத்தில், எல்லா எழுத்தும் ஒரே அகலம் உள்ள எழுத்துருவில், இது வேலை செய்யும். தமிழில் வேலை செய்யாது. அதன் காரணம் தெரிந்தால் ஸ்பேஸ் தட்டி நேரம் வீணாகாது.

"விலை" என்ற சொல்லைக் கண் இரண்டு எழுத்தாகப் பார்க்கிறது. கணினி நான்காக எண்ணுகிறது: வ, இகரக் குறி, ல, ஐகாரக் குறி.

```python
>>> len("விலை")
4
>>> len("கட்டணம்")
7
```

"கட்டணம்" நமக்கு ஐந்து எழுத்து, நிரலுக்கு ஏழு. இந்த எண்ணிக்கையை நம்பி ஒரு நிரல் மீதி இடத்தை ஸ்பேஸால் நிரப்பினால், புள்ளியும் துணைக்குறியும் அதிகமுள்ள சொற்களுக்குப் பின்னால் ஸ்பேஸ் குறைவாக விழும். வரிக்கு வரி கணக்கு மாறும். எழுத்தைச் சரியாக எண்ணினாலும் தீராது. ஒற்றை அகல எழுத்துருக்கள் பெரும்பாலானவற்றில் தமிழ் எழுத்து வடிவங்களே இல்லை. அதனால் சாதனம் வேறொரு தமிழ் எழுத்துருவை இடையில் இழுத்துப் போடும், அதில் ட ஒடுக்கம், ண அகலம். வாட்ஸ்அப்பில் முன்னும் பின்னும் மூன்று பேக்டிக் குறி போட்டு அனுப்பினாலும் தமிழ் நெடுவரிசை கோணலாகத்தான் நிற்கும். எண்களும் ஆங்கில எழுத்துகளும் மட்டும் உள்ள குட்டி டேபிளுக்கு அந்த வழி பரவாயில்லை. அதிலும் வரி நீண்டால் கைபேசியில் மடங்கி அடுத்த வரிக்குப் போய்விடும்.

இந்த இடத்தில் வெற்றுக் கட்டத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அலுவலகம் திட்டத்துக்கு டெபாசிட் இல்லை. டேபிளில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் பார்க்கப் புரியும்தான். ஆனால் நெடுவரிசை நகர்ந்துவிட்டாலோ இடைவெளி சுருங்கிவிட்டாலோ, அந்தக் காலி இடம் இருந்த தடமே இருக்காது. அதற்குப் பின்னால் இன்னொரு நெடுவரிசை இருந்தால் அதன் எண் நகர்ந்து வந்து டெபாசிட் மாதிரித் தெரியும். டேபிள் ஆனாலும் சாதா வடிவம் ஆனாலும் "இல்லை" என்றோ "பொருந்தாது" என்றோ எழுதிவிடுங்கள்.

அறிகுறி: புள்ளிக்குப் பதிலாக விசித்திர எழுத்துகள்

"பாயிண்ட் பாயிண்டா அனுப்புங்க" என்று கேட்டவருக்கு ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் `â€¢` என்று தெரிந்தால், யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறிமுறையில் போன உருண்டைப் புள்ளியை அந்தப் பக்கம் பழைய விண்டோஸ் 1252 முறையில் படித்திருக்கிறார்கள். தமிழும் கூடவே போயிருந்தால் அது `à®` என்று தொடங்கும் குப்பையாக இருக்கும். அப்போது பிரச்சினை புள்ளியில் இல்லை, வடிவத்தை மாற்றுவதால் ஒன்றும் ஆகாது. குறிமுறையைத் திருத்தத்தான் வேண்டும். தமிழ் நன்றாகத் தெரிகிறது, வரியின் தொடக்கத்தில் மட்டும் காலிச் சதுரம் என்றால், நாம் போட்ட அலங்கார அம்புக்குறியோ டிக் குறியோ அவர் எழுத்துருவில் இல்லை. கேள்விக்குறியாக வந்தால் வழியில் ஏதோ ஒரு நிரல் அந்த எழுத்தை எடுத்துவிட்டு `?` போட்டிருக்கிறது. அதை அவர் பக்கத்தில் மீட்க முடியாது, திரும்ப அனுப்ப வேண்டும்.

புள்ளிப் பட்டியலுக்கு மருந்து எளிது. வரித் தொடக்கத்தில் ஒரு கழித்தல் குறி, ஒரு இடைவெளி. மார்க்டவுன் தெரிந்த திரையில் அது புள்ளியாகும், தெரியாத திரையில் கழித்தல் குறியாகவே நின்று அப்போதும் பட்டியல்போலவே படிக்கலாம். அதனால் ஒரு நிலைப் புள்ளிப் பட்டியல் கேட்டால் தனியாக மாற்று வடிவம் எதுவும் வேண்டாம், கேட்டதைக் கொடுத்தால் போதும். பட்டியலுக்குள் பட்டியல் என்றால்தான் சிக்கல்: உள்நிலையைக் காட்டும் இடைவெளி சுருங்கினால் எது எதற்குக் கீழே என்று தெரியாது. அங்கே மட்டும் 1), 2) என்று எண்ணும், உள்ளே அ), ஆ) என்றும் போடுங்கள்.

அறிகுறி: எஸ்எம்எஸ் துண்டு துண்டாகப் போகிறது

ஆங்கில எழுத்துகள் மட்டும் இருந்தால் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 160 எழுத்து. அதில் ஒரே ஒரு உருண்டைப் புள்ளி நுழைந்தாலும் முழுச் செய்தியும் யூனிகோடுக்கு மாறி அளவு 70 ஆகிவிடும். ஆங்கில எஸ்எம்எஸ்ஸில் செங்குத்துக் கோடு ஒன்று இரண்டு எழுத்தாகக் கணக்காகும். தமிழ்ச் செய்திக்கு வழக்கமாக 70தான், ஒன்றுக்கு மேல் போனால் துண்டுக்கு 67. துணைக்குறியும் ஓர் எழுத்தாகவே கணக்கு.

எஸ்எம்எஸ் என்று உறுதியாகத் தெரிந்துவிட்டால், அவர் கேட்டிருந்தாலும் டேபிள் அனுப்ப வழியில்லை. காரணத்தை ஒரு வரியில் சொல்லிவிட்டு இப்படி அனுப்பலாம்:

```
1) வேகம் 40, மாதம் 499, டெபாசிட் 1000
2) வேகம் 100, மாதம் 699, டெபாசிட் 1000
3) வேகம் 200, மாதம் 999, டெபாசிட் இல்லை
```

வரி முறிவுகளோடு சேர்த்து 116 எழுத்து, இரண்டு துண்டில் அடங்கும். காரணம் சொல்லும் வரியைச் சேர்த்தால் மூன்றாவது துண்டும் ஆகலாம், ஆகட்டும்.

அறிகுறி: அவருக்குச் சரியாகத் தெரிந்தது, வீட்டில் காட்டியபோது புரியவில்லை

கேள்வியின் கடைசிச் சொற்கள் நினைவிருக்கட்டும்: "வீட்ல காட்டணும்." மின்னஞ்சலில் அழகான டேபிளாகப் பார்த்தவர் அதை நகலெடுத்து வீட்டு வாட்ஸ்அப் குழுவில் ஒட்டுவார். ஒட்டும்போது கட்டங்கள் போய்விடும், எண்கள் மட்டும் வரிசையாக நிற்கும். பார்வைக் குறைபாடு உள்ள ஒருவர் திரைவாசிப்பான் வழியாகக் கேட்டால், டேபிளாக மாறாத கோடுகளும் கழித்தல் குறிகளும் நடுநடுவே வாசிக்கப்பட்டுத் தொல்லை கொடுக்கும். அந்த எண் எந்தத் தலைப்புக்குக் கீழே வருகிறது என்பதும் காதுக்குக் கிடைக்காது. திரை தெரியாது என்று சொல்லும்போது வாடிக்கையாளரின் திரையை மட்டும் நினைக்கக் கூடாது. அவர் யாருக்கு அனுப்பப் போகிறாரோ அவர்கள் திரையும் சேர்த்தி. சொல்லும் எண்ணும் சேர்ந்தே இருக்கும் சாதா வடிவம் இங்கேயும் பிழைக்கும்.

டேபிளைப் படமாக எடுத்து அனுப்பலாமே என்று கேட்பார்கள். அனுப்பலாம், ஆனால் எழுத்து வடிவத்துக்குக் கூடுதலாக மட்டும். படத்திலிருந்து எண்ணை நகலெடுப்பது சிரமம், திரைவாசிப்பானுக்கும் அது உதவாது.

அனுப்பும் வரியை எப்படி எழுதுவது

அனுப்புவதற்கு முன் அவர் எழுதியதையே ஒருமுறை பாருங்கள். டிக்கெட்டில் "வந்த வழி" என்று ஏதாவது இருக்கிறதா? அவர் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் நம் பழைய பதில் எப்படித் தெரிகிறது? ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், மூன்று திட்டம் மாதிரி சின்ன விஷயத்துக்கு இரண்டையும் ஒரே பதிலில் அனுப்புங்கள், கேட்டது முதலில்:

"நீங்கள் கேட்டபடி டேபிளாகக் கீழே கொடுத்திருக்கிறேன். கட்டங்களுக்குப் பதிலாக வெறும் கோடுகள் தெரிந்தால், அதற்கு அடுத்து வரி வரியாக இருப்பதைப் பாருங்கள். விவரம் இரண்டிலும் ஒன்றுதான்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் சிலர் இரண்டும் வெவ்வேறு சலுகை என்று நினைத்து ஒப்பிட ஆரம்பிப்பார்கள். நேரடிச் சாட்டில் ஆள் எதிரே இருக்கிறார் என்றால் இரண்டையும் கொட்ட வேண்டாம். டேபிளைக் கொடுத்து, "கட்டமாகத் தெரிகிறதா? இல்லையென்றால் சொல்லுங்கள், வரி வரியாக அனுப்புகிறேன்" என்று கேட்டால் போதும். தெரிகிறது என்றால் அதை டிக்கெட்டில் குறித்து வையுங்கள், அடுத்த முறை அவருக்கு டேபிள் மட்டும் போகட்டும்.

பன்னிரண்டு வரிசை, ஆறு நெடுவரிசை என்று பெரிய டேபிள் கேட்டால் சாதா வடிவம் எழுபது வரிக்கு மேல் போகும், யாரும் படிக்க மாட்டார்கள். அப்போது முழு டேபிளைக் கோப்பாக இணைத்துவிட்டு, அவர் முடிவெடுக்கத் தேவையான இரண்டு மூன்று நெடுவரிசைகளை மட்டும் பதிலில் வரிகளாக எழுதுங்கள். எதை விட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள்: "வேகமும் கட்டணமும் மட்டும் இங்கே, மற்றவை இணைப்பில்."

இரண்டு வடிவம் அனுப்பும்போது வரும் ஆபத்து ஒன்றுதான். விலை மாறியதும் டேபிளில் 699-ஐ 749 ஆக்கிவிட்டு, கீழே சாதா வடிவத்தில் பழையதையே விட்டுவிடுவார்கள். ஒரே பதிலில் இரண்டு விலை. அதனால் முதலில் டேபிளை முழுதாக முடியுங்கள், சாதா வடிவத்தை அதிலிருந்து நகலெடுத்தே எழுதுங்கள், நினைவிலிருந்து தட்டச்சு செய்யாதீர்கள். தயார்ப் பதிலாகச் சேமித்து வைத்திருந்தால் இரண்டையும் ஒரே கோப்பில் வையுங்கள், திருத்துகிறவர் கண்ணில் இரண்டும் சேர்ந்தே படும்.